இடியப்பம் வியர்க்காமல் போய்ச்சேர

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் சாப்பாட்டுக் கடை. மேசைகள் ஆறுதான். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வேலையில் பாதிக்கு மேல் பார்சல். குசினிக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு நீள மேசை இருக்கிறது. அதில் நின்று பார்சல் கட்டுவதுதான் நான்கு வருடமாக என் வேலை.

ஒரு மழைநாள் இரவு கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். இருபது இடியப்பம், பாற்சொதி, தேங்காய்ச் சம்பல் எடுத்திருந்தார். கோபப்படவில்லை. "பிள்ளை, இடியப்பம் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் களியா வந்திருக்கு. சொதி பாதி பையுக்குள்ள. சம்பல் ஒரு மாதிரி மணக்குது, அதைப் பிள்ளையளுக்குக் குடுக்கேல்லை" என்றார். அனுப்பிய படத்தில் பெட்டியின் மூடி முழுக்க நீர்முத்துகள். கீழே இருந்த இடியப்பங்களில் இழை என்று சொல்ல எதுவும் இல்லை.

முதலில் ரைடர் தம்பியைத்தான் சந்தேகித்தேன். அடுத்த நாள் அவர் வந்தபோது கேட்டேன். "அக்கா, நான் சத்தியமா எங்கேயும் விழேல்லை. பெட்டி நீங்கள் தந்தபடிதான் பாக்குக்குள்ள இருந்தது" என்றார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதனால் அன்றே அதே ஓடரைப் போல ஒன்றைக் கட்டி, யாரிடமும் கொடுக்காமல், எங்கள் மேசைக்குக் கீழேயே நாற்பது நிமிடம் வைத்தேன். ஒரு அசைவும் இல்லை. திறந்து பார்த்தால் இடியப்பம் அதே மாதிரிக் களி. சம்பல் கைபட்டாலே சூடு. சொதி மட்டும்தான் சிந்தாமல் இருந்தது. மூன்று குறையில் இரண்டு வாசலைத் தாண்டும் முன்பே நடந்திருக்கிறது. அந்தத் தம்பியிடம் அன்று பின்னேரமே மன்னிப்புக் கேட்டேன்.

இடியப்பத்துக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். அவிந்து இறங்கியதும் அதன் ஒவ்வொரு இழையிலிருந்தும் ஆவி போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் இறுக்கமான பெட்டியில் போட்டு மூடினால் ஆவி ஒப்பீட்டளவில் குளிர்ந்த மூடியில் பட்டுத் தண்ணீராகித் திரும்பச் சொட்டும். அரிசிமா அந்தத் தண்ணீரைக் குடித்து ஊறும். மேலே இருக்கும் பாரம் ஊறியதை நசுக்கும். அடித்தட்டு முதலில் பசையாவது அதனால்தான். முந்தி வாழையிலையிலும் கடதாசியிலும் சுற்றிக் கொடுத்த காலத்தில் ஆவி எப்படியோ வெளியே போயிற்று. பிறகு லன்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் வந்தன. அவை இரண்டையும் 2017 செப்டம்பரில் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு பல கடைகளைப் போல எங்கள் கடையும் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குப் போனது. சொதிக்கு அது நல்லது. இடியப்பத்துக்கு அதைவிடக் கெட்ட பெட்டி இல்லை.

இப்போது இடியப்பம் இறங்கியதும் பெரிய சுளகுகளில் ஒரே அடுக்காகப் பரப்புகிறோம். மேலே மெல்லிய பருத்தித் துணி. பத்து நிமிடம், கொஞ்சம் முன்பின். புறங்கையை மேலே பிடித்தால் ஈரம் படக்கூடாது, இளஞ்சூடு மட்டும் தெரியவேண்டும். அதுதான் அடையாளம். இதை அதிகம் நீட்டவும் கூடாது. இருபது இருபத்தைந்து நிமிடம் கிடந்தால் ஓரங்கள் காய்ந்து விறைத்துவிடும், பிறகு சொதி ஊற்றினாலும் இளகாது. இடியப்பம் பிழியும் மாமி முதலில் இதற்குச் சம்மதிக்கவில்லை. "ஆறின இடியப்பத்தை ஆர் தின்னுவினம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சூடு குறையத்தான் செய்கிறது. ஆனால் நாற்பது நிமிடம் கழித்துத் திறக்கும் ஒருவருக்கு இளஞ்சூடான இழையும் சூடான சொதியும் போதும். சூடான களியை எதுவும் மீட்க முடியாது. மாமியை இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துத் திறந்து பார்க்கச் சொன்னேன். பிறகு அவரே துணி எடுத்து மூடத் தொடங்கினார்.

பெட்டியையும் மாற்றினோம். கரும்புச் சக்கையில் செய்த பெட்டி. அடியில் நெருப்பில் வாட்டிய வாழையிலை. வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். ஐந்து இடியப்பத்துக்கு மேல் ஓர் அடுக்கில் வைப்பதில்லை. பெட்டிக்கு இரண்டு அடுக்கு, ஆகப் பத்து. இருபது என்றால் இரண்டு பெட்டி. ஆவி போக மூடியில் துளை போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. மேலே இன்னொரு பெட்டி வைத்ததும் துளை அடைபட்டுவிடுகிறது. பக்கச் சுவரில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, பக்கத்துக்கு இரண்டாகப் போட்டபோதுதான் வேலை செய்தது. மூடியின் உட்பக்கம் ஒரு கடதாசி வைப்போம், மிச்ச ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும். இடியப்பத்தில் தொடும்படி ரிஷ்யூ வைக்கக்கூடாது. ஒட்டிப் பிய்ந்து வரும்.

சம்பல்தான் எனக்கு அதிகம் பயம் தந்தது. பச்சைத் தேங்காய்ப்பூ, வெங்காயம், செத்தல் மிளகாய், தேசிக்காய்ப் புளி, உப்பு. அடுப்பையே காணாத பதார்த்தம். நாங்கள் அதை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, இடம் மிச்சம் என்று இடியப்பப் பெட்டியின் மூலையிலேயே வைத்துவந்தோம். சூடான இடியப்பம் பக்கத்தில் இருந்து அதை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. கிருமி வேகமாகப் பெருகுவதற்கு அதைவிட வசதியான சூடு வேண்டியதில்லை. சமைத்த சாப்பாட்டை 60 பாகைக்கு மேல் வைத்திரு, குளிர வேண்டியதை 5 பாகைக்குக் கீழே வைத்திரு என்று சொல்வது இந்த நடுவிடத்தைத் தவிர்க்கத்தான். பழுதான சம்பலில் முதலில் நிறம் மாறாது. விரலில் எடுத்தால் கொஞ்சம் வழுவழுப்பு, பிறகு தேசிக்காயின் புளிப்பு இல்லாத வேறொரு புளிப்பு மணம். அந்த அம்மா அதை மணத்திலேயே பிடித்தார். பிள்ளைகள் பிடித்திருக்க மாட்டார்கள்.

அதனால் துருவிய தேங்காய்ப்பூவைப் பிரிஜ்ஜில் குளிரவைத்துத்தான் இடிக்கிறோம். இடித்த சம்பலும் சின்ன மூடிக் கிண்ணங்களில் பிரிஜ்ஜிலேயே இருக்கும். ரைடர் வந்த பிறகே வெளியே வரும். ஒரு கடதாசிப் பையில் தனியாக, சூடான எதையும் தொடாமல் போகும். பையில் கட்டிய நேரத்தை மார்க்கரால் எழுதி, அதற்குக் கீழே "இன்றிரவே சாப்பிடவும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டுகிறோம். சம்பலை மட்டும் நாளைக்கு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்றே சொல்வேன்.

சொதி சிந்தியது எப்படி என்று கண்டுபிடிக்க அந்த ரைடர் தம்பிதான் உதவினார். சாயம் போட்ட தண்ணீரைக் கிண்ணங்களில் நிறைத்து மரின் டிரைவில் இரண்டு தடவை ஓடிக் காட்டினார். ஒன்றும் சிந்தவில்லை. அதே கிண்ணத்தில் உண்மையான சொதியை ஊற்றி ஓடினால் சிந்தியது. அப்போதுதான் விளங்கியது, விளிம்பில் ஒட்டும் தேங்காய்ப்பால் கொழுப்பு. அது இருக்கும்போது மூடி "டக்" என்று பிடித்ததுபோல இருக்கும், ஆனால் வழுக்கும். இப்போது ஒரு விரற்கடை இடம் விட்டு ஊற்றி, விளிம்பைச் சுத்தமான துணியால் சுற்றித் துடைத்து, மூடியை லேசாக வைத்து அரை நிமிடம் ஆவி போக விட்டு, பிறகு சுற்றிவர அழுத்தி மூடுகிறோம். மடித்த கடதாசியின் மேல் பத்து விநாடி கவிழ்த்துப் பார்ப்போம். ஈரம் பட்டால் கிண்ணத்தை மாற்றுவோம். போகும் வழியில் ஆறும்போது மூடி நடுவில் குழிந்தால் நல்லது, காற்றுப் போக வழி இல்லை என்று அர்த்தம். ஆறியும் மூடி தட்டையாகவே இருந்தால் எங்கேயோ இடைவெளி இருக்கிறது.

சொதியில் இன்னொரு விஷயம். தேசிக்காய்ப் புளி விட்ட சொதியை அடுப்பில் சூடாகவே வைத்திருந்தால் திரையும். வீட்டில் திரும்பச் சூடாக்கினாலும் அப்படியே. அதனால் பார்சல் சொதியில் புளி விடுவதில்லை. கொதிக்கவிடாமல் 80 பாகைக்கு மேல் வைத்திருந்து, ரைடர் வாசலில் நிற்கும்போதுதான் ஊற்றுகிறோம். பாதித் தேசிக்காயைக் கடதாசியில் சுற்றிச் சம்பல் பையில் வைப்போம். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு எங்கள் வெப்பமானி 65க்குப் பக்கத்தில் காட்டியது. கொட்டாஞ்சேனைக்கு அது போதும்.

பாக்குக்குள் அடுக்குவதையும் தம்பிதான் சொல்லித்தந்தார். "அக்கா, பெரிய பாக்குக்குள்ள ஒரு பார்சல் தனியக் கிடந்தா, ஒவ்வொரு பிறேக்குக்கும் சறுக்கிப்போய் இடிபடும்." அதனால் உயரமாக அடுக்காமல், இரண்டு இடியப்பப் பெட்டியைப் பக்கம் பக்கமாக ஒரு அட்டைத் தட்டில் வைத்து, சொதியை நடுவில் நெருக்கிக் கட்டுகிறோம். மிச்ச இடத்தை அவர் ஒரு பழைய துவாயால் நிரப்புவார். வேறு ரைடர்கள் வரும்போது கைப்பிடியில் கொளுவ வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுப்பேன். சிலர் கேட்பார்கள்.

கொட்டாஞ்சேனை அம்மாவுக்கு அடுத்த கிழமை அதே ஓடரை எங்கள் கணக்கில் அனுப்பினோம். இரவு ஒரு படம் வந்தது, தட்டில் இடியப்பம் தனித்தனியாக. இப்போது மாதத்தில் இரண்டு தடவை எடுக்கிறார்.

கடும் மழையில், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் சம்பலை அனுப்புவதில்லை. பதிலாகப் பருப்புக் கறி வைக்கலாமா என்று கூப்பிட்டுக் கேட்போம். தோசையை எங்கேயும் அனுப்புவதில்லை. துளை போட்ட பெட்டியிலும் இலையிலும் கடதாசிச் சுருளிலும் பார்த்துவிட்டேன், பத்து நிமிடத்தில் முறுகல் போய்விடுகிறது. பார்சல் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டோம். தோசை கேட்டுக் கூப்பிடுகிறவர்களிடம் கடைக்கு வந்து சாப்பிடச் சொல்கிறேன்.