முந்நூறு போதவில்லை: ஒரு N-ஐத் தேடிய கதை

தொடர்முறை aₙ = (2n² + 3n)/(n² − 5). இதன் எல்லை 2 என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஆனால் எந்த எண் N-க்குப் பிறகு வரும் எல்லா உறுப்புகளும் 2-இலிருந்து 0.01-க்கும் குறைவான தொலைவிலேயே இருக்கும் என்ற கேள்விக்கு விடை காண எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

முதலில் வித்தியாசத்தைச் சுருக்கினேன்:

aₙ − 2 = (3n + 10)/(n² − 5)

n மூன்றோ அதற்கு மேலோ ஆனால் இது மிகை எண், ஆகவே மட்டுக்குறி தேவையில்லை. n பெரிதாகும்போது 10-உம் 5-உம் பொருட்டல்ல என்று எண்ணி, அவற்றை விட்டுவிட்டு 3/n < 0.01 என்று எழுதி, n > 300 என முடித்தேன். ஐயத்துடன் n = 301 போட்டுப் பார்த்தபோது 913/90596 வந்தது; அது ஏறத்தாழ 0.01008. அதாவது விடை தவறு.

தவறு எங்கே என்று புரிய நேரமாயிற்று. தொகுதியிலிருந்து 10-ஐ நீக்கியதால் பின்னம் சிறிதாயிற்று. பகுதியில் 5-ஐக் கழிக்காமல் விட்டதாலும் அது சிறிதாயிற்று. உண்மையான வித்தியாசத்தைவிடச் சிறிய ஒன்று 0.01-க்குள் அடங்குவதால், வித்தியாசமும் அடங்கும் என்று சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது வித்தியாசத்தைவிடப் பெரியதாகவும், அதே சமயம் கையாள எளியதாகவும் உள்ள ஒரு கோவை. எனவே தொகுதியைப் பெரிதாக்கவும் பகுதியைச் சிறிதாக்கவும் வேண்டும்.

n ≥ 10 எனில் 10 ≤ n, ஆகவே 3n + 10 ≤ 4n. அதே n-களுக்கு 5 ≤ n²/2, ஆகவே n² − 5 ≥ n²/2. இரண்டையும் சேர்த்தால் வித்தியாசம் 8/n-ஐத் தாண்டாது. 8/n < 0.01 என்பதற்கு n > 800 போதும்.

இருபடி அசமன்பாட்டை நேரடியாகத் தீர்த்தால் n = 304 முதலே நிபந்தனை நிறைவேறுகிறது என்று தெரியும் (303-இல் வித்தியாசம் 0.01-ஐ மயிரிழையில் தாண்டுகிறது). அப்படியானால் 800 வீணா என்றால், இல்லை. மிகச்சிறிய N-ஐ யாரும் கேட்கவில்லை. ஏதோ ஒரு N இருந்தால் போதும். 0.01-க்குப் பதிலாக எந்த மிகை எண் ε-ஐக் கொடுத்தாலும் பொருந்தும் விடையை எழுத 8/ε வசதியானது, இருபடியின் வர்க்கமூலம் அப்படியல்ல.

ஆனால் N = 8/ε என்று மட்டும் எழுதியதில் இன்னொரு ஓட்டை இருந்தது. n ≥ 10 என்ற நிபந்தனையை நான் மறந்திருந்தேன். ε = 4 எனில் 8/ε = 2; n = 3 போட்டால் வித்தியாசம் 19/4 = 4.75, அது 4-ஐத் தாண்டுகிறது. இவ்வளவு பெரிய ε-ஐ யார் கேட்பார்கள் என்று தோன்றலாம், ஆனால் நிரூபணத்தில் «ஒவ்வொரு ε > 0-க்கும்» என்று எழுதிய பிறகு அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே N-ஐ 10, 8/ε ஆகிய இரண்டில் பெரியதாக எடுத்து, n > N என்று வைத்து விடைத்தாளை முடித்தேன்.