கொட்டேஷன் கேட்பதற்கு முன் சொற்களை எண்ணுங்கள்

நான் வேலை செய்யும் நிலாவெளி ஹோட்டலில் ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் புதிதாக ஆட்களைச் சேர்ப்போம். பெரும்பாலும் குச்சவெளி, இறக்கக்கண்டிப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் அவர்களுக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும் என்று நான் பல காலமாகக் கேட்டு வந்தேன். இந்த முறை முகாமையாளர் சம்மதித்தார். தமிழ் மொழிபெயர்ப்புக்குக் கொட்டேஷன் எடுக்கும் வேலையும் எனக்கே வந்தது.

முதலில் எண்ணிக்கை. வேலை ஒப்பந்தமும் ஊழியர் கையேடும் Word கோப்புகள். Word Count பெட்டியில் "Include textboxes, footnotes and endnotes" என்ற கட்டத்தில் சரி போட்டதும் எண்ணிக்கை ஏறியது. கையேட்டின் லீவு விதிகள் முழுவதும் உரைப்பெட்டிகளுக்குள் இருந்தன. தீப்பாதுகாப்பு விதிகளோ ஸ்கேன் செய்த பிடிஎப். அது வெறும் படம், எண்ண முடியாது. அதைத் தட்டச்சு செய்து சேர்த்தேன். மொத்தம் 11,000 சொற்கள்.

அப்புறம் இரண்டு ஏஜென்சிகளுக்கு இப்படி எழுதினேன்:

"ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு 11,000 சொற்கள், மூன்று கோப்புகள். வாசிக்கப்போவது ஹோட்டல் ஊழியர்கள், இலங்கை வழக்கில் வேண்டும். பாமினி எழுத்துரு வேண்டாம், யூனிகோட்டில் தரவும். கடைசித் திகதி மார்ச் 20. விலை ஆங்கிலச் சொல்லுக்கா தமிழ்ச் சொல்லுக்கா, சரிபார்ப்பும் வற் வரியும் சேர்ந்ததா என்பதைக் குறிப்பிடவும்."

யூனிகோட் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பாமினியில் வந்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பிள்ளைகளின் ஃபோனில் ஆங்கில எழுத்துகள்தான் தாறுமாறாகத் தெரியும்.

ஒரு ஏஜென்சி ஆங்கிலச் சொல்லுக்கு 8 ரூபா, வரி உட்பட என்றது. அதாவது 88,000. மற்றது தமிழ்ச் சொல்லுக்கு 10 ரூபா, வரி தனி. தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறையும். எவ்வளவு குறையும் என்று பார்க்க ஒரு பக்கத்தை மாதிரிக்குக் கேட்டேன். 300 ஆங்கிலச் சொற்கள் 220 ஆகி வந்தன. அந்தக் கணக்கில் மொத்தம் சுமார் 8,000 சொற்கள், 80,000 ரூபா. மலிவுதான், ஆனால் 18% வற் சேர்த்தால் 94,400. அதுவும் மதிப்பீடுதான், உண்மையான தொகை வேலை முடிந்த பிறகே தெரியும்.

இரண்டாவது ஏஜென்சி மூன்று நாளில் தருவதாகவும் சொன்னது. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒரு நாளைக்கு 2,000 சொற்களிலிருந்து 2,500 வரை செய்வார். எத்தனை பேர் செய்வார்கள் என்று கேட்டேன். நான்கு பேர் என்றார்கள். நான்கு பேர் பிரித்துச் செய்து, ஒரே விஷயத்துக்கு ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் கையேட்டில் வேறு சொல்லுமாக வந்தால் சம்பளப் பிடித்தம் பற்றிய பிரிவில் சண்டையே வரும். முதல் ஏஜென்சி ஒரே ஆளுக்கு ஆறு வேலை நாளும், சரிபார்ப்புக்கு இரண்டு நாளும் கேட்டது. எனக்கு அதுவே நம்பும்படி இருந்தது.

உறுதிசெய்யும் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தேன்: ஒப்பந்தத்தை முதலில் தனியாக அனுப்பவேண்டும், பிறகு நாங்கள் சேர்க்கும் பக்கங்களுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அதே 8 ரூபாதான். இரண்டையும் ஏற்றுப் பதில் வந்த பிறகே முற்பணம் அனுப்பினேன்.