டிரைவரில் கோளாறே இல்லை: கேமில் ஒலி காணாமல் போன கதை

கேம் திறக்கும், படம் ஓடும், சத்தம் மட்டும் வராது. சில நாள் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும், நடு ஆட்டத்தில் கேமே மூடிவிடும். இப்படியே மூன்று வாரம் போனது.

ஆடியோ டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். அன்று இரவு முழுக்க சத்தம் வந்தது. மறுநாள் மறுபடி ஊமை. திரும்ப டிரைவர், திரும்ப ஒரு நாள் நிம்மதி. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கேமைத் திறந்துகூடப் பார்க்காமல் "சவுண்ட் சிப் போச்சு" என்று சொல்லி 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என்னைக் குழப்பியது ரீஸ்டார்ட்தான். டிரைவர் போட்ட ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்துப் போட்டேன். அதோடு மியூசிக் பிளேயரும் மூடிக்கொண்டது. ஒலியைத் திருப்பிக் கொடுத்தது டிரைவர் அல்ல, பிளேயர் மூடியதுதான்.

இது புரிந்தது தற்செயலாக. விண்டோஸின் ஒலி அமைப்பில், ஹெட்போன் செருகியிருக்கும் யூஎஸ்பி ஒலிக்கருவியான டேக்கில் Test அழுத்தினால் "Failed to play test tone" என்று வந்தது. மானிட்டர் ஸ்பீக்கரில் அதே Test கேட்டது. அப்படியென்றால் டேக்கை மட்டும் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். டாஸ்க்பார் மூலையில் பாட்டு நிறுத்தப்பட்ட நிலையில் பிளேயர் உட்கார்ந்திருந்தது. அதன் அவுட்புட்டில் வாசாபி எக்ஸ்குளூசிவ், அதாவது ஒலிக்கருவியைத் தனியாகப் பிடித்துக்கொள்ளும் விண்டோஸ் முறை, என்று நானே எப்போதோ வைத்தது.

சாதாரணமாக எல்லா மென்பொருளின் ஒலியையும் விண்டோஸ் கலந்துதான் டேக்குக்கு அனுப்பும். எக்ஸ்குளூசிவ் முறையில் ஒருவர் புகுந்தால் அந்தக் கலவையே நின்றுவிடும். பாட்டை நிறுத்தி வைத்தாலும் என் பிளேயர் பிடியை விடவில்லை. அது முதலில் திறந்திருந்தால் கேம் ஊமை. கேம் ஓடும்போது பாட்டைப் போட்டால், விண்டோஸ் கேமின் ஒலி இணைப்பைப் பிடுங்கிப் பிளேயருக்குக் கொடுக்கும். அதைச் சமாளிக்கத் தெரியாத கேம் விழுந்துவிடும்.

சரி, தீர்வு. Win+R அழுத்தி இதைத் தட்டுங்கள்:

```
mmsys.cpl
```

உங்கள் கருவியின் Properties, அதில் Advanced. Exclusive Mode என்பதன் கீழ் இரண்டு டிக் இருக்கும்: முதலாவது கருவியைத் தனியாகப் பிடிக்க அனுமதிப்பது, இரண்டாவது அப்படிப் பிடிப்பவருக்கு முன்னுரிமை கொடுப்பது. இரண்டாவதை மட்டும் எடுத்தால் நடு ஆட்டத்தில் பிடுங்குவது நிற்கும், ஆனால் பிளேயர் முந்திக்கொண்டால் கேம் ஊமைதான். அதனால் முதலாவதையே எடுத்துவிட்டேன். அப்புறம் பிளேயர் பிழை காட்டியது. அதன் அவுட்புட்டை ஷேர்டு முறைக்கு மாற்றியதும் பாடியது.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த டிக் கருவிக்குக் கருவி தனி. டிரைவரை மறுபடி நிறுவினால் திரும்பி வந்துவிடலாம், போய்ப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் கலவையைத் தொடாமல் நேராகக் கருவிக்குப் போகும் ஆசியோ டிரைவர் வழியே ஓடும் மென்பொருளை இது கட்டுப்படுத்தாது.

இப்போது பாட்டும் கேமும் ஒன்றாகவே ஓடுகின்றன. சிப் நன்றாகத்தான் இருக்கிறது.