டர்பனில் ஒரு பள்ளிக் கட்டண உயர்வு: பெற்றோருக்குப் போன மின்னஞ்சல் உருவான விதம்

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், என் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியில் நான் நிர்வாகக் குழுவின் பொருளாளர். இங்கே அந்தக் குழுவை எல்லோரும் எஸ்.ஜி.பி. என்றுதான் சொல்வார்கள். போன ஆண்டு கடைசியில் கட்டணத்தை உயர்த்தியபோது, தலைமையாசிரியர் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை அவரோடு உட்கார்ந்து எழுதினேன். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக இங்கே வந்திருக்கும் குடும்பங்கள் என்னிடம் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் கட்டணத்தை நிர்ணயிக்கத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் இல்லை. எஸ்.ஜி.பி.யும் தனியாக முடிவு செய்துவிட முடியாது. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி, வரவு செலவுத் திட்டத்தைப் பெற்றோர் கூட்டத்தில் வைத்து, வந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மையினர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு போக வேண்டும். கூட்டத்துக்கு 14 நாள் முன்பிலிருந்து திட்டத்தைப் பள்ளியில் யாரும் பார்க்கலாம் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். ஆகவே கட்டண உயர்வு மின்னஞ்சல் என்பது ஏற்கெனவே எடுத்த முடிவைத் தெரிவிக்கும் கடிதம். கூட்டமே நடக்காமல் ஆண்டின் நடுவில் "அடுத்த மாதம் முதல் புதிய கட்டணம்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், எந்தத் தேதியில் எந்தக் கூட்டத்தில் தீர்மானம் ஆனது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எங்கள் கூட்டம் முறைப்படி நடந்தது. 13,500 ரேண்டாக இருந்த ஆண்டுக் கட்டணம் 14,850 ஆனது. அதன்பின் தலைமையாசிரியர் ஒரு வரைவை அனுப்பினார். நல்ல மனிதர், நேர்மையானவர். ஆனால் வரைவில் "தவிர்க்க முடியாத பொருளாதாரச் சூழல் காரணமாக" என்று ஒரே வரியில் காரணம் முடிந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்தவர்கள் மொத்தப் பெற்றோரில் ஒரு சிறு பகுதிதான். மற்றவர்களுக்கு இந்த மின்னஞ்சல்தான் முதல் செய்தி. 1,350 ரேண்ட் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

அதனால் அந்தத் தொகையை ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று பிரித்தே எழுதினோம். 820 ரேண்ட், எஸ்.ஜி.பி. சம்பளம் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு. மாகாண அரசு ஒதுக்கும் ஆசிரியர் இடங்கள் போதாமல், வகுப்புகளைச் சிறிதாக வைத்துக்கொள்ளப் பள்ளியே கூடுதலாகச் சிலரை வேலைக்கு வைத்திருக்கிறது. 330 ரேண்ட், மின்சாரமும் தண்ணீரும். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது, புதிய கட்டண விகிதமும் அன்றுதான் வரும். பள்ளியின் ஆண்டோ ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. அதனால் ஆண்டின் பின்பாதியில் பில் ஏறும் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. மீதி 200 ரேண்ட் இரவுக் காவலுக்கு. இப்படிப் பிரித்துக் காட்டியதும், "ஏன் உயர்த்தினீர்கள்" என்று கேட்டுக் கோபப்பட்டவர்கள்கூட "காவலுக்கு வேறு நிறுவனத்திடம் விலை கேட்டுப் பார்த்தீர்களா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அது பதில் சொல்லக்கூடிய கேள்வி.

கட்டும் முறைகளைச் சுருக்கமாக வைத்தோம். பிப்ரவரி இறுதிக்குள் மொத்தமாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதாவது 14,107 ரேண்ட் 50 சென்ட். இல்லாவிட்டால் பிப்ரவரி முதல் நவம்பர் வரை பத்துத் தவணை, மாதம் 1,485. சம்பளத் தேதி ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாகவே பிடிக்கும் டெபிட் ஆர்டருக்கு இரண்டு தேதிகள் கொடுத்தோம். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மின்னஞ்சலில் போடவே இல்லை. இந்த ஊரில் மின்னஞ்சலை இடையில் பிடித்துக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி நிறைய. "பள்ளியின் வங்கிக் கணக்கு மாறவில்லை. மாறியதாக எந்தச் செய்தி வந்தாலும், அந்தச் செய்தியில் உள்ள எண்ணுக்கு இல்லாமல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அலுவலக எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்" என்று மட்டும் எழுதினோம்.

அதிக நேரம் எடுத்தது கட்டண விலக்குப் பத்திதான். வரைவில் அது கடைசி வரியாக இருந்தது. அதைத் தொகைக்கு அடுத்ததாகவே வைக்க வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். விலக்கு என்பது பள்ளி இரக்கப்பட்டுக் கொடுப்பது இல்லை. 2006ஆம் ஆண்டு விதிகளில் அதற்கு ஒரு கணக்கே இருக்கிறது:

E = 100 × (F + A) / C

F என்பது ஒரு பிள்ளையின் ஆண்டுக் கட்டணம். A என்பது பள்ளி நடத்தும் நிகழ்ச்சிகளுக்குப் பெற்றோர் கூடுதலாகக் கட்டும் பணம். C என்பது பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானம், வரி பிடிக்கும் முன் உள்ளது. விடை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு விலக்கு. 2க்குக் கீழே வந்தால் விலக்கு இல்லை. இடையில் வந்தால், எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து அட்டவணைப்படி ஒரு பகுதி கிடைக்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மின்னஞ்சல் போன மறுநாள் ஒரு தாய் எனக்கு போன் செய்தார். கணவர் இல்லை, மாதம் 12,000 ரேண்ட் சம்பளம், ஒரு மகன். "அக்கா, போன வருஷமே முழுசா குறைக்கல. இப்போ கட்டணமும் ஏறிடுச்சு, நான் எங்கே போவேன்?" என்றார். கணக்கைப் போனிலேயே போட்டோம். ஆண்டு வருமானம் 1,44,000. கூடுதல் பணம் எதுவும் கட்டவில்லை. பழைய கட்டணம் 13,500ஐ நூறால் பெருக்கி வருமானத்தால் வகுத்தால் 9.4 வரும், அதனால்தான் பகுதி விலக்கு. புதிய கட்டணம் 14,850க்கு அதே கணக்கைப் போட்டால் 10.3. சம்பளம் உயராத நிலையில் கட்டணம் ஏறியதே அவரை முழு விலக்குக்குக் கொண்டுவந்துவிட்டது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் மறுபடி விண்ணப்பிப்பதுதான், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அன்று சாயங்காலமே தலைமையாசிரியரிடம் சொல்லி, "போன ஆண்டு பகுதி விலக்கு பெற்றவர்களும் மறுக்கப்பட்டவர்களும் புதிய கட்டணத்தை வைத்து மீண்டும் கணக்குப் பாருங்கள்" என்ற வரியோடு இன்னொரு சிறு மின்னஞ்சல் அனுப்பினோம். அப்புறம்தான் விண்ணப்பங்கள் உண்மையாகவே வரத் தொடங்கின.

சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பிள்ளைக்கு அரசு உதவித்தொகை வந்தால் அதற்கான கடிதம் ஆகியவற்றைக் கேட்டோம். வறுமை காரணமாக அரசு தரும் குழந்தை உதவித்தொகை பெறும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, விலக்கு தானாகவே உண்டு. எஸ்.ஜி.பி.யின் முடிவில் திருப்தி இல்லாதவர், அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். இதையும் மின்னஞ்சலில் எழுத வேண்டுமா என்று குழுவில் ஒருவர் தயங்கினார். எங்கள் முடிவுக்கு எதிராக நாங்களே வழி சொல்லிக் கொடுப்பதா என்பது அவர் கேள்வி. சட்டத்தில் இருப்பதைப் பெற்றோரிடம் மறைக்கும் பள்ளியாக நாங்கள் இருக்கக் கூடாது என்று நான் சொன்னேன். வாக்கெடுப்பில் அந்த வரி நிலைத்தது.

கட்டணம் பாக்கி இருந்தாலும் பிள்ளையை வகுப்பிலிருந்தோ விளையாட்டிலிருந்தோ விலக்க முடியாது, மதிப்பெண் அறிக்கையை நிறுத்தி வைக்கவும் முடியாது என்பதைத் தலைமையாசிரியரே தன் கையால் கடைசிப் பத்தியாகச் சேர்த்தார். அடுத்த நாள்களில் வந்த பதில்களில் பெரும்பாலானவை அந்தப் பத்தியைப் பற்றித்தான். டிசம்பர் அறிக்கையை வாங்கவே பள்ளிப் பக்கம் வராமல் இருந்த சிலர், அதைப் படித்துவிட்டு அலுவலகத்துக்கு வந்து, அறிக்கையோடு விலக்குப் படிவத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.