பையரின் பதில் ஒரே மெயிலில் வர

திருப்பூரில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிதில், ஜெர்மனியிலிருந்து எங்களிடம் ஆடை வாங்கும் ஒரு பையருக்குப் பத்து வரியில், ஒரே பத்தியாக மெயில் எழுதினேன். நிறம் பார்க்கச் சாயம் ஏற்றி அனுப்பும் மாதிரித் துணியான லேப் டிப்பில் பி-யா சி-யா, கழுத்து லேபிளைத் தைப்பதா அச்சடிப்பதா, கார்ட்டனுக்கு எத்தனை பீஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. மறுநாள் பதில் வந்தது: "ஓகே. கார்ட்டனுக்கு 24 பீஸ்."

எதற்கு ஓகே? சாயப்பட்டறையிலிருந்து போன் வந்தது. "கலர் எதுங்க மேடம்? துணி ரெடியா இருக்குதுங்க." திரும்பக் கேட்டு எழுதினேன். அன்று வெள்ளிக்கிழமை, திங்கள் மதியம்தான் 'சி' என்று பதில் வந்தது. லேபிளுக்குத் தனியாக இன்னொரு மெயில்.

எங்கள் சீனியர் அக்கா அந்த மெயிலைப் பிரின்ட் எடுத்துக் கேள்விக்குறிகளைச் சுழிக்கச் சொன்னார். ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கார்ட்டனுக்கு. மற்றதெல்லாம் "உறுதி செய்யவும்" என்று வாக்கிய நடுவில் கிடந்தன. பையர் கண்ணில் பட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் தகவலையும் கேள்வியையும் பிரித்தே எழுதுகிறேன். துணி 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, பின்னல் முடிந்தது, பட்டன் வந்துவிட்டது என்பவை மேலே புள்ளி போட்டு வரும். அவற்றுக்குப் பதில் தேவையில்லை. கீழே கேள்விகள் மட்டும், எண்ணோடு:

1. லேப் டிப்: பி-யா, சி-யா? எங்கள் பரிந்துரை சி.
2. கழுத்து லேபிள்: தையலா, அச்சா?
3. கார்ட்டனுக்கு 24 பீஸ், சரியா?

எண் 1-க்கு மட்டும் "புதன் மாலைக்குள் தெரிந்தால் வியாழன் சாயம் ஏற்றுவோம்" என்று சேர்ப்பேன். எது நின்றுபோகும் என்று தெரிந்தால் அதை முதலில் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் 'அவசரம்' போட்டால் எதுவும் அவசரமாகத் தெரியாது.

இதிலும் சறுக்கியிருக்கிறேன். "லேபிள் அச்சா, எந்த நிறத்தில்?" என்று ஒரே எண்ணில் இரண்டைக் கேட்டபோது 'அச்சு' என்று மட்டும் வந்தது. இன்னொரு முறை, பதில் வராத 3-ஐ அடுத்த மெயிலில் 1 ஆக்கிவிட்டேன். அவர் பழைய மெயிலைப் பார்த்து 1-க்குப் பதில் போட்டார். இப்போது 3 கடைசிவரை 3-தான். புதுக் கேள்வி 4-லிருந்து தொடங்கும். எண்ணையும் கையாலேயே தட்டுகிறேன். தானாக விழும் எண்கள், பையர் நடுவில் பதில் எழுதும்போது சில நேரம் மறுபடி 1-லிருந்து ஓடிவிடும்.

லேபிளை டிசைனரும் கார்ட்டனை ஷிப்பிங் ஆளும் முடிவு செய்கிற பையர்களிடம் இது போதாது. எண்ணுக்குப் பக்கத்தில் அவரவர் பெயரையும் போட வேண்டியிருக்கிறது.

போன வாரம் வந்த பதில்: "1 சி. 2 அச்சு. 3 சரி. 4 வியாழன் சொல்கிறேன்." முதல் வரியை அப்படியே சாயப்பட்டறைக்கு அனுப்பிவிட்டு, 4-ஐ வியாழக்கிழமைக்குக் குறித்து வைத்தேன்.