வானொலிக்கு மைசூர்பாகு எழுதுவது

வானொலிச் சமையல் குறிப்பு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது "இந்தப் பதம் வந்ததும்" என்ற இடத்தில்தான். எந்தப் பதம்? ஒலிப்பதிவு அறையில் அடுப்பே கிடையாது. கேட்பவருக்குத் தன் வாணலி தெரியும், நம்முடையது தெரியாது. ஆகவே நம் பலகாரம் எவ்வளவு அழகாக வந்தது என்று வர்ணிப்பதில் அவருக்குப் பயன் இல்லை. அவருடைய வாணலியில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று சொல்ல வேண்டும்.

தீபாவளி வாரத்துக்கு மைசூர்பாகு எழுதும்போது இது நன்றாகவே புரியும். பகுதிக்குக் கிடைப்பது 7 நிமிடம். பேனா பிடித்து எழுதிக்கொள்பவருக்காக வாசித்தால் நிமிடத்துக்கு 90 சொல் போகும், அவ்வளவுதான். அதில் அளவுகளுக்கே ஒன்றரை நிமிடம் ஒதுக்குவேன். ஒரே டம்ளரால் எல்லாவற்றையும் அளக்கச் சொல்வேன்: கடலைமாவு 1, சர்க்கரை 2, நெய் 2. தண்ணீர் முக்கால் டம்ளர். இந்த "முக்கால்" ஆபத்தானது. குக்கர் விசில் முதல் அசையை விழுங்கிவிட்டால் வீட்டில் காதில் விழுவது "கால்" மட்டும்தான். அதனால் "முக்கால் டம்ளர், அரைக்கு மேலே, முழுசுக்குக் கீழே" என்று சேர்த்தே எழுதுவேன்.

அடுத்தது வரிசை. தட்டில் நெய் தடவுவது, இன்னொரு அடுப்பில் நெய்யைச் சிறு தீயில் சூடாக வைப்பது, இரண்டும் பாகு வைப்பதற்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும். அச்சில் படிப்பவர் மேலே போய்ப் பார்த்துக்கொள்வார். வானொலி திரும்பிப் போகாது.

பாகுக்கு நேரம் சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் நேரத்தை மட்டும் நம்பவும் முடியாது. கனமான வாணலியில் கொஞ்சம் தாமதமாகும், பெரிய பர்னரில் முந்திக்கொள்ளும். அதனால் பாகைச் சோதிக்கத் தொடங்கும் நேரத்துக்கு மட்டும் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறேன்; முடிவு விரலுடையது. பிரதியில் அது இப்படி வரும்:

"சர்க்கரை கரைந்து கொதி வந்துவிட்டதா? 4 நிமிடம் கழித்துச் சோதிக்கத் தொடங்குங்கள். கரண்டியில் ஒட்டிய பாகை ஊதி ஆறவிட்டு, ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லப் பிரியுங்கள். ஒரே ஒரு நூல் வருகிறதா? உடனே தீயைக் குறையுங்கள். வரவில்லையா? அரை நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்."

ஊதி ஆறவிடச் சொல்லும் வரியை நேரம் போதவில்லை என்று யாரும் வெட்ட விடமாட்டேன். கொதிக்கும் பாகில் விரல் வைத்தால் தோல் பொத்துப்போகும்.

அதன்பின் சலித்த மாவைக் கட்டி விழாமல் தூவிக் கிளறி, சூடான நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றும் கட்டம். கேட்பவரின் காதுக்கும் மூக்குக்கும் வேலை வருவது இங்கேதான். நெய் விழுந்ததும் "ஸ்ஸ்" என்று பொங்கி நுரைக்கும். மாவு நெய்யைக் குடித்ததும் சத்தம் அடங்கும். அடங்கினால் அடுத்த கரண்டி. பச்சைமாவு வாசனை போய் வறுத்த கடலை வாசம் வரும். கிளறும் கைக்கும் தெரியும்: கலவை வாணலியைப் பிடித்துக்கொள்ளாமல் கரண்டியோடு சேர்ந்து சுற்றும். கடைசியில் ஊற்றிய நெய்யை உள்ளே இழுக்காமல் ஓரத்தில் கக்கும்.

இந்த நுரைச் சத்தத்தைப் பதிவுசெய்து நடுவே போடலாமே என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் ஆசைப்படுவார்கள். எஃப்.எம்.மில் நன்றாகத்தான் இருக்கும். மீடியம் வேவில் உச்ச ஒலிகள் வெட்டுப்படுவதால், நெய் பொரிவதும் மழை பெய்வதும் அலைவரிசை இரைச்சலும் ஒன்றுபோலவே கேட்கும். "இப்போது நெய் ஊற்றுகிறோம், கேளுங்கள்" என்று முன்னால் ஒரு வரி இல்லாமல் சத்தத்தைப் போடக் கூடாது. சத்தமே வராவிட்டாலும் குறிப்பு நிற்க வேண்டும்.

இறக்கும் இடத்தில் நம் வாக்கிய அமைப்பே எதிரி. "நெய் கக்கி, நுரைத்து, ஓரம் விட்டு, கண் கண்ணாக ஓட்டை விழுந்ததும் இறக்குங்கள்" என்று எழுதினால் வினை கடைசியில்தான் வருகிறது. அதைக் கேட்டு முடிப்பதற்குள் அரை நிமிடம் தாமதித்தாலும் பாகு கெட்டிப்பட்டுப் பொடியாக உதிரும். ஆகவே வினையை முன்னால் வைப்பேன்: "இனி இறக்கத் தயாராகுங்கள். துணியைக் கையில் எடுங்கள். நெய் கக்குகிறதா? ஓட்டை ஓட்டையாக நுரைக்கிறதா? இறக்கித் தட்டில் கொட்டுங்கள். மேலே அழுத்தாதீர்கள்." அழுத்தினால் அந்த ஓட்டைகள் மூடி, கல்லாகிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கத்தியால் கோடு போடச் சொல்லவும் வேண்டும்.

கடைசி 40 விநாடி மறுபடி அளவுகளுக்கு. இசைக்காகவோ வாழ்த்துக்காகவோ அதைக் கேட்டால் நான் தருவதில்லை. பாதியில் வந்து ரேடியோவைப் போட்டவர் அப்போதுதான் பேனாவைத் தேடிக்கொண்டிருப்பார்.