ஆடியில் வீடு தேடினேன்

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து, தஞ்சாவூரில் ஒரு லேபில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷம் ஹாஸ்டலில் ஓட்டினேன். போன வருஷம் தம்பிக்கும் தஞ்சாவூரிலேயே காலேஜ் கிடைத்தது. இரண்டு பேருக்கு இரண்டு ஹாஸ்டல் கட்டணம் கட்டுவதற்குப் பதில் ஒரு வீடு பிடித்துவிடலாம் என்று அப்பா சொன்னார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் வாடகை வீட்டில் இருந்ததில்லை. ஓட்டு வீடோ கூரை வீடோ, எல்லாம் சொந்த வீடுதான். அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை.

லேபில் என்னோடு வேலை பார்க்கும் அக்காதான் முதலில் கணக்குச் சொன்னார். “சம்பளத்தில 30 சதவீதத்துக்கு மேல வாடகை போகக் கூடாதுடி.” அவருடைய தம்பி அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் இருக்கிறார். அங்கே வீட்டுக்காரர்கள் சம்பளச் சீட்டைக் கேட்பார்களாம். மாத வாடகையைப் போல 40 மடங்கு வருஷ வருமானம் இருந்தால்தான் வீடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுவும் இதுவும் ஒன்றுதான்: 12 மாதச் சம்பளத்தை 40-ஆல் வகுத்தால் ஒரு மாதச் சம்பளத்தில் 30 சதவீதம் வரும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். அங்கே அரசாங்கக் குடியிருப்பில் இருக்கும் ஏழைகளிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-ல் சட்டம் போட்டார்கள். 1981-ல் அதை 30 ஆக்கினார்கள். ஏழைகளிடம் வாங்கும் வாடகைக்கு வைத்த உச்சவரம்புதான் நாளடைவில் எல்லோருக்கும் பொதுவான விதியாக ஆகிவிட்டது.

நம் ஊரில் எந்த வீட்டுக்காரரும் என்னிடம் சம்பளச் சீட்டு கேட்கவில்லை. “யாரு கூட இருப்பாங்க? கறி சமைப்பீங்களா? அட்வான்ஸ் எப்ப தருவீங்க?” இவ்வளவுதான். நம்மால் வாடகை தாங்க முடியுமா என்பதை அவர்கள் அட்வான்ஸை வைத்தே எடை போடுகிறார்கள். மொத்தமாக 50,000 எண்ணி வைத்துவிட்டால் சம்பளம் என்ன என்பது அவர்களுக்குத் தேவையில்லாத விஷயம். அதனால் அங்கே வீட்டுக்காரர் பார்க்கும் கணக்கை இங்கே குடிபோகிற நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் சம்பளம் 20,000. 30 சதவீதம் என்றால் 6,000. அந்தத் தெம்பில்தான் தேட ஆரம்பித்தேன். ஆனால் கைக்கு 20,000 வருவதில்லை. அடிப்படைச் சம்பளம் 12,000. அதில் 12 சதவீதம் பி.எஃப். 1,440 போகிறது. இ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தில் முக்கால் சதவீதம், 150. மிச்சம் 18,410. அதில் 30 சதவீதம் 5,500 சொச்சம்தான். இத்தனைக்கும் மாசம் வீட்டுக்கு 3,000 அனுப்புவதையும் படிப்புக் கடனுக்குக் கட்டும் 1,900-ஐயும் இன்னும் கழிக்கவில்லை.

ஆடிப்பெருக்கன்று புரோக்கர் ஒருவர் இரண்டு வீடு காட்டினார். புது ஆற்றுப் பாலத்தில் கூட்டம், தாலிக்கயிறு மாற்றுகிறவர்கள், காதோலை கருகமணி விற்கிறவர்கள். அதற்கு நடுவே அவருடைய டிவிஎஸ் எக்ஸெல்லைத் தொலைத்துவிடாமல் ஆட்டோவில் பின்தொடர்ந்து போனோம்.

முதல் வீடு புதுசு. டைல்ஸ், அலமாரி எல்லாம் இருந்தது. வாடகை 6,000, அட்வான்ஸ் 60,000. தம்பி அங்கேயே கட்டில் போடும் இடத்தை முடிவு பண்ணிவிட்டான். இரண்டாவது, பழைய வீட்டின் மாடிப் போர்ஷன். சிவப்பு சிமென்ட் தரை. சமையலறையில் மேடை மட்டும்தான், அலமாரி இல்லை. வாடகை 5,000, அட்வான்ஸ் 50,000. ஆயிரம் ரூபாய்தானே வித்தியாசம், புதுசுக்கே போய்விடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். புது வீட்டில் கரண்டுக்குத் தனி சர்வீஸ் கிடையாது. மின்வாரிய மீட்டர் வீட்டுக்காரர் பேரில் ஒன்றே ஒன்று. நமக்கு ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றார்கள். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் வீட்டில் அந்த 100 யூனிட் வீட்டுக்காரரோடு நின்றுவிடும், நமக்கு முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடினால் 1,620, அதாவது மாதம் 810. பழைய வீட்டு மாடிக்குத் தனி மீட்டர். அதே 180 யூனிட்டுக்கு இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும், மாதம் 100 என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் புது வீட்டில் மோட்டார், மாடிப்படி விளக்கு, கூட்டுகிறவர் என்று மெயின்டனன்ஸ் 500. போர் தண்ணீர் உப்பு, குடிக்க கேன் வாங்க வேண்டும், மாதம் 8 கேன் 280 ரூபாய். பழைய வீட்டில் கார்ப்பரேஷன் குழாய் காலையில் வருகிறது. பிடித்துக் காய்ச்சிக் குடிக்கலாம்.

அட்வான்ஸுக்கும் ஒரு மாசச் செலவு உண்டு என்பதை அப்பாதான் போனில் சொன்னார். “பணத்த அங்க முடக்கிட்டு இங்க நகைய வைப்ப. நூத்துக்கு ஒரு ரூவா வட்டின்னு போட்டுக்க.” அப்படிப் போட்டால் 60,000-க்கு மாதம் 600. பழைய வீட்டில் 30,000-க்குப் பேசிப் பார்க்கலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது, அதற்கு 300.

எல்லாம் கூட்டினால் புது வீடு 8,190, பழைய வீடு 5,400. ஆயிரம் ரூபாய் வித்தியாசம் என்று நினைத்தது 2,790 ஆகிவிட்டது. கைக்கு வரும் சம்பளத்தில் ஒன்று 44 சதவீதத்தைத் தாண்டுகிறது, இன்னொன்று 30-க்குள் நிற்கிறது. எனக்கு அதைவிட உறைத்தது கடைசி வரிதான். ஊருக்கு அனுப்புவதும் கடனும் போக என் கையில் நிற்பது 13,510. புது வீடு என்றால் மிச்சம் 5,320. அரிசி வீட்டிலிருந்து வந்தாலும் இரண்டு பேர் சாப்பாட்டுக்கு 5,000 ஆகும். 320 ரூபாயில் தம்பி பஸ், இரண்டு போன், ஒரு காய்ச்சல்? டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பழைய வீட்டில் சாப்பாடு போக 3,110 நிற்கும். சதவீதத்தைவிட இந்த மிச்சத் தொகையைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரையும் தாங்க வேண்டியில்லாத ஆளுக்கு 40 சதவீதம்கூட ஓடும். மாசாமாசம் ஊருக்கு அனுப்புகிறவருக்கு 30-ஏ இடிக்கும்.

அட்வான்ஸ் பேசப் போனபோது அம்மாவும் வந்தார். புது வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்று நான் ஆரம்பித்ததும் வீட்டுக்கார அம்மாள் சிரித்துவிட்டார். உண்மையில் அந்தச் சட்டமே வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் மூன்று மாதம் என்கிறது. பத்து மாதம் தருகிறேன் என்று நாமே கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டத்தைக் காட்டிப் பிரயோஜனமில்லை. எங்களுக்குக் கைகொடுத்தது ஆடிதான். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். வீடு ஆனியிலிருந்து பூட்டிக் கிடந்தது.

“நாங்க இப்பவே முடிச்சுக்கறோம்க்கா. ஆவணி பொறந்து பால் காய்ச்சறோம், வாடகை அன்னிலேருந்து வச்சுக்குங்க. அட்வான்ஸ் முப்பதா பண்ணிக் குடுங்க” என்றார் அம்மா. ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் சரி என்று வந்துவிட்டது. நான் பேசியிருந்தால் நாற்பதில் நின்றிருக்கும்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். காலி செய்யும்போது வெள்ளையடிக்கப் பிடிப்பது ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, மீதி அட்வான்ஸைச் சாவி கொடுக்கும் அன்றே தர வேண்டும் என்று எழுதச் சொன்னேன். ஹாஸ்டலில் ஒரு தோழிக்கு அட்வான்ஸில் பாதி “பெயின்ட்” என்றே போயிருந்தது.

குடிபோகும் செலவை நான் சுத்தமாகத் தப்பாகப் போட்டிருந்தேன். அட்வான்ஸ் 30,000, முதல் மாத வாடகை 5,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 5,000, பத்திரமும் டைப்பிங்கும் 600. இதுவரைக்கும் தெரியும். வெறும் சுவரோடுதான் வீடு கொடுப்பார்கள் என்பது தெரியாது. பழைய ஆட்கள் ஃபேனையும் டியூப்லைட்டையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மேலே கொக்கி மட்டும் தொங்கியது. இரண்டு ஃபேன் 3,400. கேஸ் புது இணைப்புக்கு சிலிண்டர் டெபாசிட் 2,200, ரெகுலேட்டருக்கு 250. இவற்றோடு டியூப், முதல் சிலிண்டர், அடுப்பு எல்லாம் சேர்த்து 6,500. ஊரிலிருந்து பாத்திரம் பண்டம் ஏற்றிவந்த டாடா ஏஸுக்கு 1,800. வாளி, பாய், பல்பு, பூட்டு, விளக்குமாறு என்று சில்லறையாகவே 2,700 போனது. மொத்தம் 55,000. கிட்டத்தட்ட 11 மாத வாடகை ஒரே வாரத்தில்! என்னிடம் இருந்தது 38,000. மிச்சம் 17,000-க்கு அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. ஆடி ஆவணியில் எங்கள் வீட்டில் வேறு பணம் இருக்காது, வயலில் இறங்கியிருக்கும்.

ஒரு விஷயத்தில் ஏமாந்தேன். முதல் கரண்ட் பில் 750 சொச்சம் வந்தது. 310 யூனிட். நாங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மின்வாரியம் கணக்கெடுக்கும் தேதியும் நாம் குடிபோகும் தேதியும் ஒன்றாக இருக்காது. கடைசியாகக் கணக்கெடுத்ததற்கும் நாங்கள் வந்ததற்கும் நடுவே பழைய ஆட்கள் கொஞ்ச நாள் ஓட்டியதும், பூட்டிக் கிடந்த வீட்டில் வெள்ளையடித்தவர்கள் மோட்டார் போட்டதும் அதற்குள் இருந்தன. யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் என்பதால் அவர்களுடைய யூனிட் எங்கள் யூனிட்டையும் மேலே தள்ளிவிட்டது. சாவி வாங்கிய அன்று மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கார அம்மாளுக்கு அனுப்பியிருந்தால் பேசியிருக்கலாம். எடுக்கவில்லை, கட்டினேன்.

ஐப்பசி மழையில் சமையலறை மூலையில் ஓதம் ஏறி, அரிசி மூட்டையின் அடிப்பக்கம் பூசணம் பிடித்தது. அதன் பிறகு மூட்டையை இரண்டு செங்கல் மேல் பலகை போட்டு வைத்திருக்கிறேன்.

இந்த ஆடியில் 11 மாதம் முடிந்தது. வீட்டுக்கார அம்மாள் படியேறி வந்து 5,500 கேட்டார். நான் நோட்டை எடுத்து வந்து, ஓதம் பிடித்த சுவரையும் காட்டினேன். 5,250-ல் முடிந்தது, அந்தச் சுவரைப் பூசித் தருவதாகவும் சொன்னார். கொத்தனார் இன்னும் வரவில்லை.